‘கடை ரொம்ப டல்லு சார்’: வாடகைக் குறைப்புக் கேட்கும் விதம்

“சார் வணக்கம். கடை ரொம்ப டல்லா இருக்கு சார். மெட்ரோக்காரங்க தகரம் அடிச்சதுல இருந்து ஈ காக்கா இல்ல.”

“இந்த மாசம் பாதிதான் சார் போட முடியும். மீதிய பாத்துக்கலாம்.”

“சார் பாத்துட்டீங்க, பதிலே போடல.”

“பக்கத்து பேக்கரிக்காரருக்கு அவங்க ஓனர் ஆறாயிரம் குறைச்சுட்டாராம் சார்.”

“இப்படியே போனா சாவியக் குடுத்துட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க சார்.”

கடைசிச் செய்தி போனது இரவு பதினொன்றே முக்காலுக்கு. மறுநாள் காலை ஓனரிடமிருந்து ஒரு கட்டைவிரலும், “பாக்கலாம் அண்ணாச்சி” என்ற இரண்டு சொற்களும் வந்தன.

இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட உரையாடல். ஆனால் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி நடந்த சென்னைச் சாலைகளில் கடை வைத்திருந்த யாருக்கும் இது கற்பனையாகத் தோன்றாது. கணக்குப் போட வசதியாக, 2023ஆம் ஆண்டில் ஆற்காடு சாலையில் ஒரு தையல் பொருள் கடை என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணி, ஜிப், பட்டன், புடவை ஃபால்ஸ், நூல்கண்டு விற்கும் கடை. வாடகை மாதம் 28,000 ரூபாய். அட்வான்ஸ், சென்னை வழக்கப்படி, பத்து மாத வாடகை: 2,80,000. ஒப்பந்தம் 2022 ஏப்ரலில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு. 2024 ஏப்ரலில் ஐந்து சதவீத உயர்வு. பிப்ரவரி 2023இல் கடைக்கு எதிரே தகரத் தடுப்பு வந்துவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்தி இரண்டு மீட்டர் லைனிங் வாங்கிக்கொண்டு போகும் பெண்களுக்கு ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லை. வியாபாரம் சரிந்தது. ஜூன் மாத வாடகையில் 14,000 மட்டுமே கட்ட முடிந்தது.

அண்ணாச்சி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஐந்து செய்திகளையும் படித்து முடித்த ஓனருக்கு, தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதே தெரியாது. எவ்வளவு குறைக்க வேண்டும்? எத்தனை மாதத்துக்கு? குறைத்த பணம் திரும்ப வருமா, போனது போனதுதானா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கோரிக்கைக்கு ஒரு மனிதர் தரக்கூடிய பதில் “பாக்கலாம்” மட்டுமே. ஓனரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டுவதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். “கடை டல்லு” என்பதை எல்லாக் கடைக்காரர்களும் எல்லாக் காலத்திலும் சொல்வார்கள். ஆடி மாதத்திலும் சொல்வார்கள், தீபாவளிக்கு மறுவாரமும் சொல்வார்கள். ஓனரின் காது அதற்குப் பழகிப்போயிருக்கும். “மீதிய பாத்துக்கலாம்” இன்னும் சிக்கலானது. தள்ளிவிடுவார் என்ற நம்பிக்கையில் அண்ணாச்சி எழுதுகிறார். அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவார் என்று ஓனர் படிக்கிறார். ஆறு மாதம் கழித்துச் சண்டை வருவது இந்த இடத்தில்தான். பேக்கரிக்காரர் கதை ஓனரைச் சங்கடப்படுத்துமே தவிர இளக்காது. அந்தக் கடையின் வாடகை என்ன, ஒப்பந்தம் என்ன என்பது இருவருக்குமே தெரியாது.

ஐந்தாவது செய்திதான் உண்மையான ஆபத்து. சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுத்தில் சொல்வது, காலி செய்ய மனமிருக்கிறது என்று காட்டுவதாகும். அட்வான்ஸில் கழிக்கச் சொல்வது அதைவிடக் கெடுதல். காலி செய்யும் நாளில் கைக்கு வர வேண்டிய பணம் அது. அடுத்த கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க அண்ணாச்சியிடம் வேறு பணம் கிடையாது. ஓனர் பக்கத்திலோ, அந்தப் பணத்தைப் பெரும்பாலானோர் பெட்டியில் வைத்திருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவாகியிருக்கும். ஆனாலும் கணக்கில் அது அவருடைய பாதுகாப்பு. அதிலேயே கைவைக்கச் சொல்லும் வாடகைதாரரை அவர் ஓடப்போகிறவராகவே பார்ப்பார்.

வாட்ஸ்அப் தானே, யார் எடுத்து வைக்கப்போகிறார்கள் என்றும் இருந்துவிட முடியாது. உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் மின்னணுப் பதிவுகளை நீதிமன்றம் சான்றாக ஏற்கும். புதிய சாட்சியச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. நள்ளிரவில் மனம் நொந்து தட்டிய வரியும் அந்தப் பதிவில் சேரும்.

கடிதமாக எழுதுவதற்கு முன், கேட்பவரின் நிலை சட்டத்தில் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. சுருக்கமாகச் சொன்னால், வியாபாரம் குறைந்ததற்காக வாடகையைக் குறைக்கும் உரிமை வாடகைதாரருக்குக் கிடையாது, ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு விதி இருந்தால் தவிர. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தீ, வெள்ளம் போன்றவற்றால் கட்டடம் அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ குத்தகையை முடித்துக்கொள்ள வழி தருகிறது. வாசலில் தகரம் நிற்பது அதில் வராது. கொரோனா ஊரடங்கின்போதே இந்தக் கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர்கள், மாதம் மூன்றரை லட்சம் கட்டும்படி தங்களுக்கு ஏற்கெனவே இடப்பட்டிருந்த உத்தரவை ஊரடங்குக் காலத்துக்கு நிறுத்திவைக்கக் கேட்டார்கள். 2020 மே மாதத் தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடுத்தது. கடையை மூடச் சொல்லி அரசே உத்தரவிட்ட காலத்தின் நிலையே இது என்றால், தகரத் தடுப்புக்கு வேறென்ன கிடைக்கும்? ஆகவே அண்ணாச்சி எழுத வேண்டியது வேண்டுகோள்தான், நோட்டீஸ் அல்ல. “குறைத்தாக வேண்டும்”, “மெட்ரோவால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு நீங்களும் பொறுப்பு” போன்ற வரிகள் அவருக்கு எந்தப் பலமும் தராது.

மறுபுறம், ஓனர் மனமுவந்து கொடுத்தால் அந்தச் சலுகை சட்டப்படி நிற்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தனக்கு வர வேண்டியதை ஒருவர் முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், கால அவகாசமும் தரலாம் என்கிறது. பதிலுக்கு எதையும் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எழுத்தில் வாங்கிவிட்டால், “அப்போது சும்மா சொன்னேன்” என்று பின்னால் மாற்றிப் பேசுவது கடினம். இவ்வளவு பாடுபட்டுக் கடிதம் எழுதுவதன் பயன் இதில்தான் இருக்கிறது.

இனி எவ்வளவு கேட்பது என்பது. பெரும்பாலோர் மனதில் தோன்றும் எண்ணைக் கேட்கிறார்கள். பாதி, அல்லது பத்தாயிரம். அண்ணாச்சியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எண் தானாக வரும். தடுப்புக்கு முன் மாத விற்பனை சராசரி 3,20,000. இந்த வியாபாரத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து மிஞ்சுகிறது என்று கொண்டால் 80,000. அதில் வாடகை 28,000, இரண்டு பையன்கள் சம்பளம் 24,000, கரண்ட் பில் 4,500 போனால் வீட்டுக்கு 23,500. தடுப்பு வந்தபின் விற்பனை 1,90,000, மிஞ்சுவது 47,500. ஒரு பையனை அனுப்பியாகிவிட்டது, சம்பளம் 12,000. கரண்ட் 4,000. வாடகையும் போனால் கையில் நிற்பது 3,500 ரூபாய். அதில் ஒரு குடும்பம் நடக்காது. வாடகை 20,000 ஆனால் 11,500 நிற்கும். இழுத்துப் பிடித்து ஆறு மாதம் தள்ளலாம். ஆக, கேட்க வேண்டியது மாதம் 8,000 ரூபாய்க் குறைப்பு.

அந்த 8,000 முழுவதையும் தள்ளுபடியாகக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் கிடைப்பது அரிது. ஓனரும் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறார்; ஓய்வுபெற்றவரானால் இந்த வாடகைதான் அவருக்கு மாதச் சம்பளம். பகுதியைத் தள்ளுபடியாகவும் பகுதியைப் பிற்பாடு கட்டுவதாகவும் பிரித்துக் கேட்பதே நியாயமாகத் தெரியும். 5,000 தள்ளுபடி, 3,000 ஒத்திவைப்பு. ஆறு மாதத்தில் தள்ளுபடி மொத்தம் 30,000. திரும்பக் கட்ட வேண்டியது 18,000.

ஓனருக்கு வெளியில் சொல்லாத பயம் இரண்டு இருக்கும். ஒருமுறை குறைத்தால் அதுவே நிலையான வாடகையாகிவிடும் என்பது ஒன்று. விஷயம் பரவி, மாடியில் இருக்கும் டியூஷன் சென்டரும் பக்கத்து மொபைல் கடையும் வந்து நிற்கும் என்பது மற்றொன்று. நல்ல கடிதம் இந்த இரண்டையும் அவர் கேட்காமலேயே தீர்த்துவைக்கும். அண்ணாச்சி சொல்லாமல் விட வேண்டியதும் ஒன்று உண்டு: தடுப்பு நிற்கும்வரை இந்தக் கடைக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம், பூட்டிக் கிடந்தால் மாதம் 28,000 நஷ்டம் என்ற கணக்கு. அது ஓனருக்குத் தெரியும். நாம் எழுதினால் மிரட்டலாகிவிடும்.

ஐந்து செய்திகளும் ஒரே கடிதமாகும்போது இப்படி வரும்:

“சென்னை,
20-6-2023

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கட்டடத்தின் தரைத்தளக் கடையில் 2022 ஏப்ரல் ஒப்பந்தப்படி தையல் பொருள் வியாபாரம் செய்துவருகிறேன். ஜூன் மாதம் வரை வாடகை தவறியதில்லை. ஜூன் மாத வாடகையில் 14,000 ரூபாய் மட்டுமே செலுத்தியிருக்கிறேன். மீதி 14,000 ரூபாயை வரும் 30ஆம் தேதிக்குள் முழுதாகச் செலுத்திவிடுகிறேன்.

பிப்ரவரி மாதம் மெட்ரோ பணிக்காகக் கடைக்கு எதிரே தடுப்பு வைத்தபின், மாதம் சராசரி 3,20,000 ரூபாயாக இருந்த விற்பனை 1,90,000 ரூபாயாகக் குறைந்துள்ளது. இதற்கான கணக்கும் வங்கி அறிக்கையும் கடையின் முகப்புப் படங்களும் இணைத்துள்ளேன். வேலைக்கு இருந்த இருவரில் ஒருவரை நிறுத்தி, என்னளவில் செலவைக் குறைத்திருக்கிறேன்.

ஆகவே 2023 ஜூலை முதல் டிசம்பர் முடிய ஆறு மாதங்களுக்கு மட்டும், மாத வாடகையாக 20,000 ரூபாய் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். குறையும் 8,000 ரூபாயில் மாதம் 5,000 ரூபாயைத் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன். எஞ்சிய 3,000 ரூபாய் வீதம் சேரும் 18,000 ரூபாயை 2024 ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் 3,000 ரூபாயாக வாடகையோடு சேர்த்துச் செலுத்திவிடுகிறேன்.

ஒப்பந்த வாடகை 28,000 ரூபாய் என்பதில் மாற்றமில்லை. 2024 ஜனவரி முதல் அதையே செலுத்துவேன். 2024 ஏப்ரலில் வர வேண்டிய உயர்வையும் 28,000 ரூபாயின் மீதே கணக்கிட்டுச் செலுத்துவேன். அட்வான்ஸ் தொகையும் ஒப்பந்தத்தின் மற்ற விதிகளும் அப்படியே தொடரும். தடுப்பு டிசம்பருக்கு முன்பே அகற்றப்பட்டால், அதற்கு அடுத்த மாதம் முதல் முழு வாடகை செலுத்தச் சம்மதிக்கிறேன். இந்த ஏற்பாட்டை வேறு யாரிடமும் பேசமாட்டேன்.

ஜூலை வாடகை 5ஆம் தேதி செலுத்த வேண்டியிருப்பதால், அதற்கு முன் தங்களை நேரில் சந்திக்க விரும்புகிறேன். தங்களுக்கு ஏற்ற நாளைச் சொன்னால் வந்து பார்க்கிறேன். வேறு விதமாகச் செய்வது தங்களுக்கு வசதி என்றால் அதையும் பேசலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

மேற்கண்ட ஏற்பாட்டுக்குச் சம்மதம்.
கட்டட உரிமையாளர் கையொப்பம், தேதி”

ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது. பன்னிரண்டு வருடப் பழக்கம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாம் இதில் இல்லை. அவற்றை நேரில் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். அங்கே அவற்றுக்கு மதிப்பும் உண்டு. இந்தத் தாளை நாளை ஓனரின் மகனோ ஆடிட்டரோ படித்தாலும் கணக்கு புரிய வேண்டும் என்பதால்தான் கடிதத்தில் எண்களும் தேதிகளும் மட்டும் இருக்கின்றன. எழுத்தில் இருப்பது ஓனருக்கும் நல்லதே. வருமான வரிக் கணக்கில் வாடகை ஏன் குறைந்தது என்ற கேள்வி எழுந்தால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

பாக்கி 14,000 ரூபாயைக் கடிதம் முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள். பாக்கியை மறைத்துவிட்டுச் சலுகை கேட்டால், படிப்பவர் மனதில் முதலில் எழுவது அந்தப் பாக்கிதான். அண்ணாச்சி முப்பதாம் தேதி அதைக் கட்டியும் விட்டால், கடிதத்தின் மற்ற வாக்குறுதிகளை நம்ப ஓனருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் கடைக்காரர்கள் சறுக்கும் இடம் திருப்பிக் கட்டும் காலம். ஜனவரி முதல் மார்ச் வரை அண்ணாச்சி கட்ட வேண்டியது 31,000. ஏப்ரலில் ஐந்து சதவீதம் ஏறி வாடகையே 29,400 ஆகிவிடும். 3,000 சேர்த்தால் 32,400. தடுப்பு அப்போதும் நின்றுகொண்டிருந்தால் இது முடியாது. எனவே ஒத்திவைப்பைத் தன் சக்திக்கு மேல் ஒப்புக்கொள்ளக் கூடாது. தவணையை ஆறுக்குப் பதில் பன்னிரண்டாக்கி மாதம் 1,500 என்று கேட்பது, பின்னால் சொல் தவறுவதைவிட மேல்.

ஓனர் என்ன சொல்வார்? ஆறு மாதம் முடியாது, மூன்று மாதம் பார்ப்போம் என்பார். அல்லது தள்ளுபடி கிடையாது, எட்டாயிரத்தையும் பிறகு கட்டுங்கள் என்பார். மூன்று மாதத்தை ஏற்றுக்கொள்ளலாம். முடியும்போது மீண்டும் பேசலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முழு ஒத்திவைப்பை மட்டும் யோசித்தே ஏற்க வேண்டும். ஆறு மாதத்தில் சேரும் 48,000 ரூபாய் வெறும் கடன்தான். வாடகையில் கைவைக்க ஓனருக்கு மனமே இல்லாவிட்டால், அடுத்த ஏப்ரல் உயர்வை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்கலாம். மாதம் 1,400 ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் பலர் இதற்குச் சுலபமாகச் சம்மதிப்பார்கள். பேச்சில் எது மாறினாலும் கடிதத்தை மாற்றி எழுதியே கையெழுத்து வாங்க வேண்டும். பழைய கடிதத்தில் பேனாவால் அடித்துத் திருத்தினால் இருவரும் அந்த இடத்தில் கையொப்பமிட வேண்டும். வயதானவர், கையெழுத்துப் போடத் தயங்குகிறார் என்றால், கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்தக் கடிதப்படி ஜூலை முதல் டிசம்பர் வரை 20,000 சம்மதம்” என்று அவரையே எழுதச் சொல்லலாம். கட்டைவிரல் படத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. படித்தேன் என்பதற்கும் அதே கட்டைவிரலைத்தான் எல்லோரும் போடுகிறார்கள்.

சம்மதம் வரும்வரை முழு வாடகைதான் வாடகை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை நிலுவை நின்று, கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் அதைக் கட்டாவிட்டால், கடையைத் திரும்பப் பெற உரிமையாளர் மனுச் செய்யலாம். அண்ணாச்சி ஜூன் பாக்கி 14,000 ரூபாயையும் கட்டாமல், ஓனர் ஒப்புக்கொண்டார் என்ற நினைப்பில் ஜூலை முதல் 20,000 மட்டும் கட்டிவந்தால் என்ன ஆகும்? மாதம் 8,000 வீதம் சேர்ந்து, ஆறாவது மாதமான டிசம்பரில் நிலுவை 62,000. இரண்டு மாத வாடகையான 56,000 ரூபாயை அது தாண்டிவிடுகிறது. தினமும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே இது நடந்துவிடும்.

அதனால் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் “ஜூலை வாடகை, 20-6-2023 கடிதப்படி” என்று சேருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். அந்தச் சட்டமே ரசீது பெறும் உரிமையை வாடகைதாரருக்குத் தருகிறது. கையொப்பமிட்ட கடிதத்தில் ஒரு படி ஓனரிடமும் ஒரு படி உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தோடும் இருக்கட்டும். உங்கள் போனிலும் “டல்லு சார்” என்று தொடங்கும் செய்திகள் போய்க்கொண்டிருந்தால், அடுத்ததைத் தட்டுவதற்கு முன் எவ்வளவு, எந்த மாதம் வரை, மீதி எப்படி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த வாடகைத் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.